சர்வீஸ் நம்பர்

பில் மெஷின் விற்க வந்தவர் தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து ஸ்கேனரில் காட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் பில் வந்து விழுந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. கடை நிறையச் சரக்கு இருக்க, இவர் எதற்குச் சொந்தப் பாக்கெட்டைச் சுமந்து வருகிறார்?

"இதைக் காட்டுங்க" என்று ஒரு கசங்கிய சோப்புத்தூள் பாக்கெட்டை நீட்டினேன். நீவி நீவிக் காட்டியும் ஸ்கேனர் வாய் திறக்கவில்லை.

"கோடு கசங்கியிருக்கு சார். நம்பரை டைப் பண்ணிக்கலாம்."

"கூட்டம் நிக்கும்போது நான் டைப் பண்ணிட்டு உட்காரவா? நேத்து வந்த வேற கம்பெனிக்காரரோட ஸ்கேனர் இதே பாக்கெட்டைப் படிச்சுதே!"

"அவங்க மெஷின்ல பில் ஆமை வேகத்துல வரும் சார். அப்புறம் ரிப்பேர்னா ஆளே வர மாட்டாங்க. எங்களை எப்ப வேணா கூப்பிடலாம், ஒரே ரிங்ல எடுப்போம்."

கல்லாவில் இருந்த என் மனைவி, மெஷின் பெட்டியில் ஒட்டியிருந்த சர்வீஸ் நம்பரைப் பார்த்துத் தன் போனில் அழுத்தினாள். அவருடைய சட்டைப் பையில் மணி அடித்தது. பேச்சை நிறுத்தாமல், யார் என்றுகூடப் பார்க்காமல், அதைக் கட் செய்தார். அவள் மறுபடி அழுத்தினாள். மறுபடி கட்.

"யாருங்க அது?" என்றேன்.

"யாராவது கஸ்டமரா இருக்கும் சார். அப்புறம் பேசிக்கலாம்."

மனைவி தன் போனை அவர் முன்னால் வைத்தாள்.

"மெஷின் வேகத்தை விடுங்க. நீங்க கட் பண்ற வேகத்தைத்தான் பார்த்துட்டோமே."