காரணம் என்ற கட்டம்

லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் எச்.ஆர். மேனேஜருக்கு 'கோந்து' என்று பெயர். வைத்தவர்கள் மெக்கானிக்குகள். காரணம் இல்லாமல் வைக்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தோடு அவர் அறைக்குள் போனவர்களில் பதினொரு பேர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்திருக்கிறார்கள். உடும்புப் பிடி. அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவர் முறைப்பார். உள்ளுக்குள் பூரித்துப் போவார்.

அவருடைய வித்தை ரொம்பச் சின்னது. "ஏன் போறீங்க?" என்று கேட்பார். சம்பளம் என்றால் சம்பளத்தை ஏற்றுவார். தூரம் என்றால் பக்கத்துக் கிளைக்கு மாற்றுவார். மேலாளர் திட்டினார் என்றால் அந்த மேலாளரையே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுக்கச் சொல்வார். காரணம் என்பது பானையின் கழுத்து மாதிரி. அது கையில் அகப்பட்டால் பானையே அகப்பட்ட மாதிரி.

திங்கட்கிழமை சார்ட் அக்கா ராஜினாமா அனுப்பினார்.

எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்குப் போவது, நடுவில் ஒரு லிஃப்ட் நின்றுபோனால் யாரைத் திருப்பிவிடுவது என்று எட்டு வருஷமாக 'சார்ட்' என்கிற பணி அட்டவணையைப் போடுகிறவர். ஐம்பது வயது மெக்கானிக்கும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அடுத்த மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பதினாறு லிஃப்டுகள் கம்பெனி கைக்கு வருகின்றன. இந்த நேரத்தில் அவர் போனால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

"அந்தம்மா போகக் கூடாது" என்றார் முதலாளி.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடறேன் சார்" என்று கோந்து வாக்குக் கொடுத்துவிட்டார். முதலாளி கெடு கேட்காமலே கொடுத்த வாக்கு அது. இனி அவருடைய பெயரே அதில் தொங்கியது.

செவ்வாய்க்கிழமை அக்காவை உட்காரவைத்துக் கேட்டார். "என்னம்மா திடீர்னு? என்ன காரணம்?"

"வேற இடத்துல வேலை ஒத்துக்கிட்டேன் சார். கையெழுத்தும் போட்டாச்சு."

"அங்க எவ்வளவு தர்றாங்க?"

"அது அவங்களுக்கும் எனக்கும் உள்ளது சார்."

"இங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யார் மேலயும் குறை இல்ல சார்."

கோந்து சளைக்கவில்லை. தயாராக வைத்திருந்த கடிதத்தை நகர்த்தினார். ஆஸ்பத்திரி வேலைக்கு சைட் சூப்பர்வைசர் பதவி, முப்பது சதவீதம் கூடுதல் சம்பளம். அக்கா அதை இரண்டு முறை படித்தார். பதவி எழுதியிருந்த வரியில் அவர் கண் கொஞ்சம் நின்றது. கோந்து அதைக் கவனித்துவிட்டார்.

"நாளைக்குக் காலைல எழுத்துல பதில் தர்றேன் சார்."

அக்கா எழுந்து போன கையோடு முதலாளிக்குப் போன் போட்டார் கோந்து. "முக்கால்வாசி முடிஞ்சிருச்சு சார்." ஆசை யாரை விட்டது?

புதன்கிழமை ஒன்பது மணிக்குப் பதில் வந்தது.

'ஐயா, சைட் சூப்பர்வைசர் பதவியையும் சம்பள உயர்வையும் அளிக்க முன்வந்ததற்கு நன்றி. யோசித்துப் பார்த்தேன். இதை நான் ஏற்கவில்லை. திங்கட்கிழமை கொடுத்த ராஜினாமா அப்படியே நிற்கிறது. என் கடைசி வேலைநாள் இந்த மாதம் முப்பதாம் தேதி. ஆஸ்பத்திரிக்கான முதல் மாத அட்டவணையை இருபதாம் தேதிக்குள் முடித்துத் தருகிறேன். அடுத்து வருபவருக்கு ஐந்து நாள் உடனிருந்து சொல்லிக்கொடுக்கிறேன். எட்டு வருஷம் இங்கே கற்றுக்கொண்டவற்றுக்கு நான் கடன்பட்டவள்.'

அவ்வளவுதான். கோந்து அதை நான்கு தடவை படித்தார். பானையின் கழுத்தைத் தேடினார், வழவழவென்று உருண்டை. 'இப்போதைக்கு' என்று ஒரு சொல் இருந்தால் "எப்போதைக்கு?" என்று கேட்டிருப்பார். 'வருத்தத்துடன்' என்றிருந்தால் அந்த வருத்தத்தைப் பிடித்து இழுத்திருப்பார். 'சூழ்நிலை' என்றிருந்தால் சூழ்நிலையையே மாற்றித் தந்திருப்பார். நன்றி இருந்தது, 'இல்லை' இருந்தது, தேதி இருந்தது. அவர் நுழைய ஒரு சந்து இல்லை. போகிறவர் எழுதிய கடிதம், இங்கேயே இருக்கப்போகிறவர்களின் வேலையைப் பற்றியும் கவலைப்பட்டிருந்தது.

அக்காவின் மேசைக்கே போனார். "ஒரே ஒரு காரணம் சொல்லுங்கம்மா. சும்மா எனக்குத் தெரிஞ்சுக்கத்தான்."

அக்கா சிரித்தார். "காரணம் சொன்னவங்க எல்லாரும் என்கிட்டதான் சார் திரும்பி வருவாங்க. 'அக்கா, சார்ட்ல பேரை அடிச்சிடாதீங்க'ன்னு. அந்தப் பதினொரு பேரோட பேரையும் நான் பென்சில்லதான் அடிச்சு வெச்சிருந்தேன். என் பேரைப் பேனாவுல அடிச்சிட்டேன்."

கோந்துவுக்குக் கோபம் வந்தது. கூடவே, இவர் சரியான ஆள்தான் என்றும் தோன்றியது. அறைக்குத் திரும்பி அக்காவின் கோப்பை எடுத்தார். வாய் சொல்லாததைக் காகிதம் சொல்லாதா?

சொன்னது. நான்கு வருஷத்துக்கு முந்தைய ஒரு விண்ணப்பம்: 'சைட் சூப்பர்வைசர் பயிற்சிக்கு என்னையும் அனுப்ப வேண்டுகிறேன்.' இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே விண்ணப்பம், இன்னும் சுருக்கமாக. இரண்டின் ஓரத்திலும் பச்சை மையில், 'பார்க்கலாம்.' கோந்துவின் சொந்தக் கையெழுத்து.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். நேற்று அந்த வரியில் அக்காவின் கண் நின்றது ஆசையால் என்று நினைத்திருந்தார். கேட்டபோது இல்லாத பதவி, போகிறேன் என்றதும் ஒரே நாளில் முளைத்துவிட்டதே என்றுதான் அந்தக் கண் நின்றிருக்கும். வெட்கமாக இருந்தது அவருக்கு. இந்த இரண்டு காகிதத்தின் நகலையும் அக்கா பதிலோடு இணைத்து முதலாளிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தால், தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அந்த அம்மாள் அதைச் செய்யவில்லை. ஒரு சொல்லால்கூடக் குத்தவில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷி என்று வாய்விட்டே சொன்னார், அறையில் யாரும் இல்லாத தைரியத்தில்.

விலகல் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. இதுவரை போன எல்லோருக்கும் 'சொந்தக் காரணங்கள்' என்றே நிரப்பியிருக்கிறார். படிவம் முதலாளியின் மேசைக்குப் போகும். பச்சைப் பேனாவை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார்.

வெள்ளிக்கிழமை படிவத்தில் கையெழுத்துப் போட அக்கா வந்தார். அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தது: 'இந்தப் பதவியை இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நான் பார்க்கலாம் என்றேன்.'

அக்காவின் பேனா நின்றுவிட்டது. "இதை நான் சொல்லலையே சார்."

"நீங்க சொல்லலம்மா. நான்தான் எழுதினேன். முதலாளிகிட்ட நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போறேன்."

அக்கா அந்தக் கட்டத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கதவுவரை போய்த் திரும்பினார்.

"சார், என் பக்கத்து சீட்டுப் பொண்ணு மூணு மாசம் முன்னாடி உங்களுக்கு ஒரு லெட்டர் கொடுத்துச்சு. அதே பயிற்சிக்குத்தான். இன்னும் பதில் வரலைன்னு சொல்லுச்சு."

கோந்து இழுப்பறையைத் திறந்தார். மேலே இருந்த மூன்று கடிதங்களுக்கு அடியில் அது இருந்தது. ஓரத்தில் பச்சை மை இருந்தது.

'பார்க்கலாம்' என்பதைப் பேனாவால் அடித்தார். மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, பயிற்சி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று சொன்னார்.