கடைசி நாள் இல்லாத கடிதம்

எனக்குக் கோபம் வந்தால் மூளைக்கு முன்னால் கை வேலை செய்யும். இதை என் புருஷன் சாம் கல்யாணமான முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். கம்பெனிக்குக் கண்டுபிடிக்க ஒன்பது வருஷம் ஆனது.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் இருக்கிற எங்கள் கம்பெனியில் வண்டிகளுக்கான பிரேக் ஹோஸ், அதாவது ரப்பர் குழாய், செய்கிறோம். நான் தரப் பரிசோதனைப் பிரிவில் பர்மனென்ட். அந்தப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். என்னோடு சேர்ந்த முப்பது பேரில் பர்மனென்ட் ஆனது நான்கு பேர்தான். மற்றவர்கள் இன்னும் கான்ட்ராக்டில் கம்பெனி கம்பெனியாக மாறிக்கொண்டிருக்கிறார்கள். முப்பத்தாறு வயதில் வெளியே போனால் எனக்கும் அதே கதிதான்.

இது தெரிந்தும் ராஜினாமா எழுதினேன். ஒரு லாட் முழுக்க வெட்டுப்பட்ட ஹோஸ் என்று கஸ்டமர் திருப்பி அனுப்பிவிட்டார். அதில் இருந்தது என் முத்திரை. மேனேஜர் பட்டறை நடுவில், டிரெய்னிப் பிள்ளைகள் எல்லாம் பார்க்க, "கண்ணு தெரியலன்னா வூட்ல இரு" என்றார். நேராக கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். மாசக் கடைசிதான் என் கடைசி வேலை நாள் என்று போட்டு ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்பிவிட்டேன். மறுநாளே ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. ஒன்பது வருஷத்தில் எனக்கு ஹெச்.ஆரிலிருந்து அவ்வளவு சீக்கிரம் வந்த பதில் அது ஒன்றுதான்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். "உங்க இடத்துக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க" என்று ஹெச்.ஆர். லோகநாயகி மேடம் கேட்டார். நான் கவியா பெயரைச் சொன்னேன். கவியா என் தம்பி ஹேமந்த்தின் மனைவி. திருப்போரூரில் எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். மாமல்லபுரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு வருஷமாக பில்லிங்கில் இருந்தாள். எப்படியும் என் இடம் காலியாகிறது, வேற்றாள் எதற்கு, நம் வீட்டுப் பெண்ணே உட்காரட்டும் என்று நினைத்தேன். போய் இன்டர்வியூ முடித்தாள். "செலக்ட் ஆயிட்டீங்க, ஒண்ணாம் தேதி ஜாயின் பண்ணணும்" என்று மேடம் போனில் சொன்னார்.

"இன்னா அண்ணி, ஆஸ்பத்திரில ஒரு மாசம் இருக்க சொல்வாங்களே" என்று கவியா பதறிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுதக் கூச்சம். நான்தான் எழுதிக்கொடுத்தேன். சொந்தக் காரணத்தால் வேலையை விடுகிறேன், இன்றே விடுவிக்கவும், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அவர்கள் ஏற்றுக்கொண்டு, கணக்கு முடித்து, விடுவிப்புக் கடிதமும் கொடுத்துவிட்டார்கள். கேக் வெட்டினார்களாம். எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்தாள்.

கேக் தின்ற இரண்டாம் நாள் கஸ்டமரிடமிருந்து அறிக்கை வந்தது. லாரியில் பெட்டி சரிந்து கிழிந்ததாம். பரிசோதனையில் தப்பில்லையாம். மேனேஜர் அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார், அதோடு சரி. ஆனால் என் கோபம் இறங்கிவிட்டது. கோபம் இறங்கினால் பயம் ஏறும். அன்று மத்தியானமே ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன் என்று மெயில் போட்டேன்.

"ஒரு தடவை அக்செப்ட் ஆனா ஆனதுதான் ஷாரோன். கம்பெனி பாலிசி" என்றார் லோகநாயகி மேடம். எந்தப் பாலிசி, எங்கே இருக்கிறது என்று கேட்டேன். காட்டவில்லை. மாசக் கடைசி வரை வேலைக்குப் போனேன். ஒண்ணாம் தேதி கேட்டில் என் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் கவியா புது யூனிஃபார்மில் நின்றாள். அவள் கார்டுக்குப் பச்சை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உடைக்காத குறை. பிறகு யூனியன் செயலாளர் மோசஸ் அண்ணனிடம் போனேன். கம்பெனி கம்பெனியாக இந்த மாதிரி வழக்குகளோடு அலைகிற மனிதர்.

"லெட்டர்ல கடைசி நாள் இன்னா போட்ட?"

"மாசக் கடைசிண்ணா."

"வாபஸ் கேட்டது அதுக்கு முன்னாடிதானே? அப்போ இன்னாத்துக்கு அழுதுகினு கீற? பின்னாடி ஒரு நாள்ல போறேன்னு எழுதிக் குடுத்தா, அந்த நாள் வர்ற வரைக்கும் திரும்ப வாங்கிக்கலாம்மா. அவுங்க நடுவுல ஒத்துக்கினாலும் சரி. கம்பெனி நிலையாணையில இல்ல உன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வேற மாதிரி எழுதியிருந்தாதான் பேஜாரு. ரெண்டுலயும் அப்படி ஒண்ணும் இல்ல. நான் பாத்துட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

"ஒரே ஒரு பாயின்ட் அவுங்க கையில கீது. உன் லெட்டர நம்பி, நீ வாபஸ் கேக்கறதுக்கு முன்னாடியே வேற ஆள போட்டுட்டோம்னு சொல்வாங்க. கோர்ட்டும் அத கேக்கும். அந்த ஆளுக்கு எப்போ ஆர்டர் குடுத்தாங்கன்றதுதான் இனிமே மேட்டரு. யாரு அந்த ஆளு?"

"என் தம்பி பொண்டாட்டி."

மோசஸ் அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நல்ல குடும்பம்மா" என்றார்.

அன்று ராத்திரி கவியா வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். என்ன கேட்பது? என் வேலைக்காக உன் வேலையை விடு என்றா? ரெண்டு பேரையும் வைத்துக்கொள்வார்கள், பரிசோதனையில் எப்போதும் ஆள் பற்றாக்குறைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாமிடமும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "உனுக்கு வேணும்னா வேணும்னு சொல்லு. அத்த இன்னாத்துக்கு சுத்தி வளைக்கிற?" என்றார். அவர் மேலும் கோபம் வந்தது, அவர் சொன்னது சரியாக இருந்ததால்.

செங்கல்பட்டு லேபர் ஆபீசில் சமரசப் பேச்சுக்கு நாள் போட்டார்கள். இரண்டு தடவை கம்பெனிக்காரர்கள் வரவே இல்லை. நான் லீவு எடுக்கத் தேவையில்லாத நிலையில் இருந்ததால் இரண்டு தடவையும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை லோகநாயகி மேடம் வந்தார். பக்கத்தில் கவியா. சாட்சிக்கு அழைத்து வந்திருக்கிறார்கள்.

ஆபீசர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் பேசி முடிக்கப் பாக்கறேன். முடியலன்னா லேபர் கோர்ட். அங்க எத்தனை வருஷம்னு உங்களுக்கே தெரியும்."

மேடம் தெளிவாகப் பேசினார். ராஜினாமாவை நம்பி வேறு ஆள் எடுத்தாகிவிட்டது, அதன் பிறகுதான் வாபஸ் கேட்டார்கள், இதோ அந்த ஆள் என்றார். ஆபீசர் கவியாவைப் பார்த்தார்.

"உங்க கையில ஆர்டர் எப்பம்மா வந்தது?"

கவியா என்னைப் பார்க்கவே இல்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பொய் சொன்னால் போதும், வேலை அவளுக்கு. பொய் என்றுகூட இல்லை, ஞாபகமில்லை என்றால் போதும்.

"போன்ல செலக்டுன்னு முன்னாடியே சொல்ட்டாங்க சார். ஆர்டர் அப்புறந்தான் குடுத்தாங்க. அண்ணி வாபஸ் கேட்டுட்டாங்கன்னு எனக்குத் தெரியும். மேடத்தாண்ட நானே கேட்டேன், அவுங்க திரும்ப வந்துட்டா நான் இன்னா ஆவேன்னு. அவுங்க மேட்டர் முடிஞ்சுபோச்சு, நீ கையெழுத்துப் போடுன்னாங்க."

"என்ன ஆர்டர்? பர்மனென்ட்டா?"

"ஒரு வருஷம் டிரெய்னி சார். கையெழுத்துப் போடும்போதுதான் பாத்தேன். ஆஸ்பத்திரிய வுட்டுட்டேனே, வேற வழி?"

அப்போதுதான் புரிந்தது, என் ராஜினாமா மெயிலுக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் பதில் வந்தது என்று. ஒரு பர்மனென்ட் போய் ஒரு டிரெய்னி வருகிறாள் என்றால் யாருக்குக் கசக்கும்? "வாபஸ் கேட்டது தெரிஞ்சே ஆள் போட்டிருக்கீங்க. கோர்ட்ல இது நிக்காதுங்க மேடம்" என்றார் ஆபீசர். லோகநாயகி மேடம் வராந்தாவுக்குப் போய் நெடுநேரம் போனில் பேசினார். திரும்பி வந்து ஒப்புக்கொண்டார். வாபஸ் ஏற்கப்படும், பணித்தொடர்ச்சி உண்டு, இடைப்பட்ட நாட்கள் சம்பளமில்லாத விடுப்பு. மோசஸ் அண்ணன் என் தோளைத் தட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

"அப்போ கவியா, நீங்க நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் மேடம், அதே குரலில்.

"இது இன்னா நியாயம்? அவளையும் ஒப்பந்தத்துல சேருங்க சார்!" என்று நான் கத்தினேன். ஆபீசர், அவள் இந்த மனுவில் தரப்பே இல்லை என்றார். டிரெய்னியை இடையில் நிறுத்தலாம் என்று ஆர்டரிலேயே இருந்தது. வெளியே வந்ததும் மோசஸ் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "அவளும் ஆஸ்பத்திரில வாபஸ் கேக்கட்டும்ண்ணா. எனக்கு ஒரு சட்டம் அவளுக்கு ஒரு சட்டமா?"

"ஒரே சட்டந்தாம்மா. உன்னுதுல நாள் பாக்கி இருந்துச்சு. அந்தப் பொண்ணு இன்னிக்கே வுட்டுடுன்னு கேட்டுச்சு, ஆஸ்பத்திரிக்காரங்களும் அன்னிக்கே வுட்டுட்டாங்க. முடிஞ்ச வேலைய எங்கேர்ந்து வாபஸ் வாங்குறது? அவுங்களா மனசு வெச்சாதான்."

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. கவியாவோடு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி மேலாளர் பெஞ்சமின் மரியாதையான மனிதர், உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பழைய இடத்துக்கு ஆள் வந்துவிட்டது, பழைய ராஜினாமாவை ரத்து செய்ய முடியாது என்றார். செய்ய வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. "ராத்திரி ஷிப்ட் கவுன்டர் ஒண்ணு காலியா இருக்கு. புது ஆளா விண்ணப்பம் குடுக்கட்டும். ஆறு வருஷ சர்வீஸ் கணக்குல வராது. சம்பளமும் புதுசா சேர்றவங்களுக்கு உள்ளதுதான்."

ஒரு வெள்ளைத் தாளை எங்கள் பக்கம் தள்ளினார். பழக்க தோஷத்தில் நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

"குடுங்க அண்ணி," கவியா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். "நீங்க எழுத வேணாம். நானே எழுதிக்கிறேன்."

தமிழில்தான் எழுதினாள். எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. நான் எட்டிப் பார்க்கவில்லை.