வடுவைத் திரும்ப வைக்க முந்நூறு ரூபாய்

சகாய பிரியா திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே கணினியில் புகைப்படங்களைத் திருத்திக் கொடுப்பவள். வேலையைத் தொடங்கும் முன் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு அனுப்பிவிடுவாள்.

“ஒரு முகத்தில் ஒரு வகை மாற்றம் ஒரு திருத்தம். முந்நூறு ரூபாய். ஒரே முகத்தில் பரு, கறை, வடு எத்தனை இருந்தாலும் சேர்த்து ஒரு திருத்தம். குழாய், கண்ணாடி போன்றவற்றை எடுப்பது தனி. முடி சேர்ப்பது தனி. நீங்கள் ‘சரி’ சொன்ன பிறகு கேட்கும் மாற்றம் புதுத் திருத்தம்.”

விழுப்புரம் ஆரோக்கியசெல்வி கேட்டது ஒரே ஒரு திருத்தம்தான். இறந்துபோன மகன் வளனின் மூக்கிலிருந்த குழாயை எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் படம். அவன் அம்மாவைப் பார்த்துச் சிரித்திருந்தது அந்த ஒன்றில்தான்.

பிரியாவுக்கு மனம் இளகியது. முகத்திலிருந்த பருக்களையும் இடது புருவத்தின் வடுவையும் சேர்த்தே நீக்கி, “இதற்குக் காசு வேண்டாம் அக்கா” என்று எழுதி அனுப்பினாள். “சரிம்மா” என்று பதில் வந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், சட்டம் போட்ட படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆரோக்கியசெல்வி பஸ் ஏறி வந்துவிட்டாள். மேசை மேல் மூன்று நூறு ரூபாய்த் தாள்களை வைத்தாள்.

“வடுவத் திரும்ப வைக்கறதும் ஒரு திருத்தம்தானேம்மா?”

பிரியாவுக்குப் புரியவில்லை.

“மூணு வயசுல என் பின்னாடியே வந்துக்கினு இருந்தான். நான் கேப்பை அறுத்துக்கினு இருந்தேன். கருக்கருவா முனை பட்டுடுச்சி. என் கையாலதான். அப்பலேர்ந்து தெனம் அந்த எடத்தத் தொட்டுத்தான் எழுப்புவேன்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அக்கா?”

“இரக்கப்பட்டு சும்மா பண்ணிக் குடுத்த. அதுல போய்க் குத்தம் சொல்றதா? பூசைக்கு வந்தவங்க எல்லாம், ‘பையன் சினிமாக்காரன் கணக்கா இருக்கானே’ன்னாங்க. எனக்கு அழுகையே வரலம்மா. யாரோ ஊட்டுப் புள்ளைக்கு மால போட்டா மாதிரி இருந்திச்சி.”

பிரியா கணினிப் பக்கம் திரும்பினாள். கேட்காமல் செய்த இரக்கம் ஒரு தாயின் முப்பதாம் நாளைப் பறித்துவிட்டது. கர்த்தரே, மன்னியும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த நாளை அவளால் திருப்பித் தர முடியாது.

பழைய கோப்பைத் திறந்தாள். ஒவ்வொரு மாற்றத்தையும் அசல் படத்தின் மேல் தனித்தனி அடுக்காகத்தான் வைத்திருந்தாள். குழாய் எடுத்த அடுக்கை அப்படியே விட்டுவிட்டு, முகத்தைத் துடைத்த அடுக்கை மட்டும் அணைத்தாள். வடு திரும்பி வந்தது.

“நான் புதுசா எதுவும் பண்ணலக்கா. அடியில அப்படியேதான் இருந்திச்சி” என்று தாள்களை அவள் கையிலேயே திணித்தாள்.

ஆரோக்கியசெல்வி அதைக் கேட்கவில்லை. திரையை நெருங்கி, இடது புருவத்தில் விரலை வைத்தாள்.

“வளா,” என்றாள். “விடிஞ்சிடுச்சிப்பா.”

முப்பதாம் நாளில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.