ஒரே கோட்டில் ஒன்பது டிக்

டெப்போவில் அவருக்குச் ‘சாவகாசம்’ என்று பெயர். முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டியும் ஒரு வண்டியைக்கூட அவசரப்பட்டு முந்தாத மனுஷனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? மாரடைப்பும் அவருக்கு அந்தக் கணக்கில்தான் வந்தது. சந்தையைத் தாண்டும்போது நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. வண்டியை ஓரங்கட்டினார், ஹேண்ட் பிரேக் போட்டார், கதவைத் திறந்துவிட்டார். கடைசிப் பயணி இறங்கிய பிறகுதான் ஸ்டியரிங்கில் சாய்ந்தார். கண்டக்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அன்றைக்கே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி கடல் தாண்டி மகள் வீட்டில் இருந்தாள். மகளுக்கு இரட்டைக் குழந்தை, அதுவும் சிக்கலான பிரசவம். படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே தாய்க்காரி பெட்டி கட்டிவிட்டாள். இவருக்கு மாரடைப்பு என்றதும் அங்கிருந்து அழுதுகொண்டே கிளம்பப் பார்த்தாள். இவர்தான் தடுத்தார். “சின்ன அடைப்பு. எடுத்தாச்சு. நீ வந்து என்ன பண்ணப்போற? அங்க புள்ளைய பாரு” என்று ஒரே போடாகப் போட்டார். அதைச் சொன்னபோது அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

பெருமை ஒரு வாரம் தாங்கியது. அதற்குப் பிறகு விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் விழிப்பு வந்தது, திரும்பத் தூக்கம் வரவில்லை. பசி என்பதே இல்லை. ரொட்டியைப் பாலில் தொட்டு இரண்டு வாய் தின்றுவிட்டு மீதியைத் தள்ளிவைப்பார். நெஞ்சில் சுருக்கென்று ஏதாவது தைத்தால் இதோ இரண்டாவது வந்துவிட்டது என்று உட்கார்ந்து தன் மூச்சையே எண்ணுவார். மருத்துவமனையில் இதய நோயாளிகளுக்கென்று வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சி வகுப்பு வைத்திருந்தார்கள். முதல் இரண்டு வாரம் போனார். அப்புறம் செருப்பை மாட்டுவதே மலையைப் புரட்டுகிற வேலையாகிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை அலமாரியில் கிடந்தது. எழுந்து போய் எடுக்க வேண்டுமே என்று ஒருநாள் விட்டார். மறுநாளும் விட்டார். அதோடு அதை மறந்தேபோனார்.

உண்மையில் அவருக்கு ஏக்கம், வேறொன்றும் இல்லை. சனிக்கிழமை கடைசி டிரிப்பில் மனைவி கடைவீதி நிறுத்தத்தில் ஏறுவாள். பின்னால் ஜன்னலோரம் உட்காருவாள். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் அவர் பார்ப்பார், அவளோ பார்க்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவ்வளவுதான் அவர்களுடைய காதல். இப்போது ஓட்ட வண்டியும் இல்லை, பார்க்கக் கண்ணாடியும் இல்லை. அவளுடைய அதட்டலைக் கேட்க மாட்டோமா என்று இருந்தது அவருக்கு. குளியலறை விளக்கை அணைக்காமல் விட்டுவிட்டு, யாராவது திட்டுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். போனில் அவள் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் மட்டும் “எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்” என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

இரண்டு மாதம் ஆனதும் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். வராமல் இருந்தால் வீட்டுக்கே வந்துவிடுவோம் என்றாள் வகுப்பை நடத்துகிற நர்ஸ். போனார். இதயத்தை ஸ்கேன் பார்த்தார்கள். ஆறு நிமிஷம் நடக்கவிட்டு எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். பிறகு ஒரு தாளையும் பேனாவையும் கையில் கொடுத்து, “கடந்த ரெண்டு வாரம் எப்படி இருந்தீங்கன்னு இதுல குறிச்சுக் கொடுங்கய்யா” என்றாள்.

தாளில் ஒன்பது கேள்விகள். எதிலும் ஆர்வமில்லையா, மனம் சோர்ந்திருக்கிறதா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று வரிசையாகப் போய், கடைசியில் உயிரோடு இல்லாமல் இருந்தால் தேவலை என்று தோன்றியதா என்று முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள். முதல் கட்டம், ‘இல்லவே இல்லை’. சாவகாசம் வாழ்க்கையில் முதல்முறையாக அவசரம் காட்டினார். மேலிருந்து கீழே அந்த முதல் கட்டத்திலேயே ஒன்பது டிக் போட்டுக் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டார். கையெழுத்து கேட்கவே இல்லை.

பக்கத்தில் உடற்பயிற்சி சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த ஆள் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பாகச் சிரித்தார். டெப்போவின் பழைய மெக்கானிக். நெஞ்சைத் திறந்து பைபாஸ் பண்ணிக்கொண்டு ஆறு மாதமாக வகுப்புக்கு வருகிறவர்.

“சிஸ்டர், இந்தத் தாளைக் குப்பையில போடுங்க” என்றார் மெக்கானிக். “காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டிரைவருங்க ஒரு தாள் நிரப்பணும். பிரேக் சரியா, டயர் சரியா, லைட் சரியான்னு இருபது கேள்வி. இந்த ஆளுங்க ஒருத்தனும் குனிஞ்சுகூடப் பாக்க மாட்டான். டீயைக் குடிச்சுக்கிட்டே மேலருந்து கீழ வரைக்கும் டிக். கீழ கையெழுத்து. ஹெட்லைட்டே இல்லாத வண்டிக்கு ‘லைட் சரி’ன்னு எழுதிக்கொடுத்த புண்ணியவான் இவரு!”

“யோவ், அது ஒரே ஒரு தடவைய்யா!” என்று பாய்ந்தார் சாவகாசம்.

“அதே கோடு, அதே சாய்வு. இருபது வருஷமா இந்தத் தாளோட மாரடிச்சவன் நான், எனக்குத் தெரியாதா?”

நர்ஸ் சிரிக்கவில்லை. தாளை வாங்கி நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“ஸ்கேன்ல உங்க இதயம் நல்லா தேறியிருக்குய்யா. ஆனா நடை, முதல் வாரத்தைவிட அறுபது மீட்டர் குறைஞ்சிருக்கு. எடை நாலு கிலோ போயிருக்கு. தாள்ல மட்டும் எல்லாம் சரி. இப்ப நான் வாயால கேக்கறேன், நீங்க வாயால சொல்லுங்க. தூக்கம் எப்படி?”

“வருது.”

“எத்தனை மணிக்கு முழிப்பு வருது?”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவசரமே இல்லாதவள் போல் கையைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் டெப்போவில் அவளுக்கும் அந்தப் பெயரையே வைத்திருப்பார்கள்.

“மூணு” என்றார் கடைசியில். அந்த ஒன்று வெளியே வந்ததும் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிட்டது. பசியில்லாதது, உடற்பயிற்சி வகுப்புக்கு வராதது, மாத்திரையை விட்டது.

“எந்த மாத்திரை? எத்தனை நாளா?” அவள் குரல் மாறியது.

“அந்த ரத்தத்துக்குக் கொடுத்தது. ஒன்பது நாள் இருக்கும்.”

“ஐயோ, ஐயா! ஸ்டென்ட் வச்சு ரெண்டு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள ரத்தம் உறைஞ்சா நேரா ஆஸ்பத்திரிக்கு வரக்கூட நேரம் இருக்காது.” சொல்லிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். “வேணும்னேதான் விட்டீங்களா? செத்துப்போகணும்னு ஏதாவது யோசனை இருக்கா? கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க, எல்லார்கிட்டயும் கேப்பேன்.”

“அதெல்லாம் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன் சிஸ்டர்” என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “ராத்திரி படுக்கும்போது, காலையில எந்திரிக்கலேன்னாலும் பரவாயில்லன்னு தோணும். அவ்வளவுதான்” என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. மாரடைப்பு வந்தபோதுகூட அழாத மனுஷன், பேண்ட் பையில் கைக்குட்டையைத் தேடித் தேடிக் கிடைக்காமல் சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டார்.

டாக்டர் வந்தார். உடனே ஈசிஜி எடுத்தார்கள், நல்லவேளையாகப் புதிதாக ஒன்றுமில்லை. விட்ட மாத்திரையை டாக்டர் கண்ணெதிரிலேயே விழுங்க வைத்தார்கள். மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை, இதயத்துக்குக் கெடுதல் பண்ணாதது, பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும் என்றார் டாக்டர். வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும், வகுப்பை விடக் கூடாது, எண்ணம் மோசமானால் எந்த நேரமும் கூப்பிட இந்த நம்பர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“இது கோழைத்தனம் இல்லய்யா” என்றாள் நர்ஸ், டாக்டர் போன பிறகு. “மாரடைப்பு வந்தவங்கள்ல அஞ்சு பேருல ஒருத்தருக்கு இப்படி ஆகுது. சோர்ந்துபோனவங்க மாத்திரைய விடறாங்க, நடக்கறதில்ல, தூங்கறதில்ல. மனசு தவிக்கிற தவிப்புல பிரஷரும் ஏறுது. ரெண்டாவது தடவை வர்ற வாய்ப்பு கூடிப்போகுது. தனியா இருக்கறவங்களுக்கு இன்னும் மோசம். வீட்டுல யார் இருக்கா?”

“பொண்டாட்டி.”

“அவங்களை உள்ள கூப்பிடுங்களேன்.”

அவர் எங்கே கூப்பிடுவார்? விஷயத்தைச் சொன்னார். நர்ஸ் சீட்டில் எதையோ எழுதப்போய் நிறுத்தினாள். “நான் எல்லாத்தையும் எழுதிக்கொடுத்துடலாம், அவங்களை எழுதிக்கொடுக்க முடியாது. நீங்கதான் கேக்கணும். இன்னிக்கு ராத்திரி மட்டும் தனியா இருக்க வேணாம்.”

அந்தப் பொறுப்பை மெக்கானிக் ஏற்றுக்கொண்டார். சாயங்காலமே ஒரு பையோடு வந்து, சமையலறையில் புகுந்து, “என்னய்யா வீடு இது, உப்பு எங்கய்யா?” என்று உருட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் சாவகாசத்துக்குத் தேவாமிர்தமாக இருந்தது.

வாசல் அறையில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வராதே என்று சொன்ன வாயால் வா என்று எப்படிச் சொல்வது? மகளுக்கு உடம்பு இன்னும் தேறவில்லை, இரண்டு கைக்குழந்தைகள். அறுபதை நெருங்குகிற ஆம்பளை, பொண்டாட்டி இல்லாமல் இருக்க முடியவில்லை என்று அழுவதா? சொல்லாமல் விட்டால் இன்னொரு ஒன்பது நாள் வரும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. எண்ணை அழுத்தினார்.

“எப்படி இருக்கீங்க?” என்றாள் மனைவி, எடுத்ததும்.

ஜம்மென்று இருக்கேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

“நல்லா இல்லம்மா” என்றார். “மாத்திரை போடல. சாப்பிடல. காலையில எந்திரிக்கவே பிடிக்கல. நீ இல்லாம எனக்கு முடியல. வந்துடு.”

அவளுக்குக் கோபமோ என்று பயந்தார்.

“ரெண்டு மாசமா தினமும் ரெண்டு தடவை கேக்கறேன்” என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. “ஜம்முனு இருக்கேன், ஜம்முனு இருக்கேன்னு சொல்லிச் சொல்லியே என்னை ஒதுக்கிவச்சிட்டீங்க. நான் இல்லாமலே இந்த மனுஷனுக்கு நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சு, இங்க குளியல் ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அழுதுட்டு இருக்கேங்க நானு.”

அவள் ஏங்குவாள் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

“மாப்பிள்ளை லீவு போட்டு குழந்தைங்களைப் பாத்துக்கட்டும். எந்தப் பிளேன்ல இடம் இருந்தாலும் ஏறிடறேன்” என்றாள் அவள். மூக்கை உறிஞ்சினாள். “அதுவரைக்கும் யார் கூட இருக்கா? வீட்டுல யாரோ பாத்திரத்தை உருட்டறாங்களே?”

“டெப்போ மெக்கானிக். உப்பு தேடறாரு.”

“மாத்திரையையும் அவர்கிட்டயே கொடுத்து வைங்க. உங்களை நம்ப முடியாது” என்று அதட்டினாள் அவள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் திட்டு” என்றார்.