நான்கு சக்கரங்கள்

பட்டறைத் தெருவில் அவளுக்குக் கணக்கு அக்கா என்றுதான் பெயர். தம்பி வெல்டர், இரும்பைத் தொட்டால் வளைத்துவிடுவான், காகிதத்தைக் கண்டால் காத தூரம் ஓடுவான். அதனால் காகிதமெல்லாம் அக்காவின் பொறுப்பு. டெண்டர் படிவம் வாங்குவது, வங்கியில் டிராஃப்ட் எடுப்பது, உறையில் போட்டு அரக்கு வைப்பது, எல்லாம் அவளே.

அதுவரை நான்கு டெண்டர் போட்டிருந்தார்கள். நான்கிலும் தோல்வி. தோற்றதில் ஒரு நிம்மதியும் இருந்தது. டெண்டரோடு கட்டும் வைப்புத்தொகை, ஈ.எம்.டி. என்பார்களே, அது தோற்றவர்களுக்கு முழுசாகத் திரும்பி வந்துவிடும். தம்பி மனைவி தையல் வேலையில் சேர்த்த பணம்தான் ஒவ்வொரு முறையும் போனது. ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பும் பூனை மாதிரி, ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மாதத்தில் வந்து சேர்ந்தது.

ஐந்தாவது, அரசு மருத்துவமனையின் நூற்றிருபது இரும்புக் கட்டில்களைப் பழுதுபார்த்து வண்ணம் பூசும் வேலை. மதிப்பீடு ஒன்பது லட்சம். ஈ.எம்.டி. பதினெட்டாயிரம்.

டெண்டர் திறக்கும் நாளில் மருத்துவமனை அலுவலகத்தின் நீள மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். குமாஸ்தா ஒவ்வொரு உறையாகப் பிரித்து, முதலில் டிராஃப்ட் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு விலையை உரக்கப் படித்தார். பக்கத்துத் தெரு லேத் அண்ணன் கட்டிலுக்கு ஆறாயிரத்துத் தொள்ளாயிரம். இன்னொருவர் ஏழாயிரம். மற்ற இருவர் அதற்கும் மேலே. கடைசியாக அவளுடையது: ஐயாயிரத்து அறுநூறு.

எல்லாவற்றிலும் குறைந்த விலை அதுதான், வேலை அவளுக்கே. லேத் அண்ணன் அவள் பக்கம் சாய்ந்தார்.

"என்னம்மா, சக்கரம் சேத்துதான் போட்டியா?"

"எந்தச் சக்கரம்?"

"திருத்த அறிவிப்புல வந்துச்சே. ஒவ்வொரு கட்டிலுக்கும் நாலு புதுச் சக்கரம், பிரேக்கோட. என் ரேட்டு ஏறுனதே அதாலதான்."

திருத்த அறிவிப்பு வந்தது உண்மை. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டதும் உண்மை. கடைசி நாள், கடைசி மணி. தேதி மாற்றம்தான் என்று நினைத்துப் படிக்காமலே போட்டாள்.

எல்லோரும் எழுந்து போன பிறகு குமாஸ்தாவிடம் மெல்லக் கேட்டாள்.

"சார், ஒரு சின்னத் தப்பு. விலையத் திருத்த முடியுமா?"

"உறை திறந்ததுக்கு அப்புறம் ஒரு புள்ளி கூட மாத்த முடியாதும்மா. திருத்தத்துல நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்."

"வேணாம்னு எழுதிக் குடுத்தா?"

"ஈ.எம்.டி. போயிடும். ரெண்டு வருஷம் எங்க டெண்டர் எதுலயும் கலந்துக்க முடியாது. வேலைக்கும் மறுபடி டெண்டர் விடுவோம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்ல பேசிட்டு முடிவு பண்ணுங்க. ஆணை வர நாலு நாளாகும்."

வீட்டில் பேசத்தான் அவளால் முடியவில்லை. பட்டறை வாசலில் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். "கெடச்சுதா?" என்றான். "கெடச்சுது" என்றாள். அவன் குழந்தை மாதிரி குதித்தான். தம்பி மனைவி உள்ளேயிருந்து வந்து, "அப்போ பணம் எப்ப அண்ணி வரும்?" என்றாள்.

"ஜெயிச்சா வராது. அவங்களே வெச்சுப்பாங்க."

"இது என்ன கூத்து! தோத்தா தருவாங்க, ஜெயிச்சா தர மாட்டாங்களா?"

மூவரும் சிரித்தார்கள். அக்காவின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை.

மூன்று நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. கணக்கு மட்டும் போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஒரு சக்கரம் முந்நூறு. கட்டிலுக்கு ஆயிரத்து இருநூறு. நூற்றிருபது கட்டிலுக்கு ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். தம்பியின் கூலியும் லாபமுமாக அவள் வைத்திருந்ததே ஒன்றரை லட்சம்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் மிச்சம் ஆறாயிரம். மூன்று மாத உழைப்புக்கு ஆறாயிரம்.

நான்காம் நாள் காலை ஆணை வந்தது. அதே நேரம் பெயிண்ட் டப்பாக்கள் ஒரு வண்டியில் வந்து இறங்கின. தம்பி முன்பணம் கொடுத்து வாங்கியிருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. பட்டறை நடுவில் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

தம்பி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"உறை பிரிச்ச அன்னிக்கே."

"அன்னிக்கேவா?" குரல் உயரவில்லை, அதுதான் அவளைச் சுட்டது. "தப்பு யாருக்கும் வரும்க்கா. நான் வளைக்கிற கம்பி எல்லாமா சரியா வருது? ஆனா மூணு நாளா நான் ஆடுறத வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தியே. அன்னிக்கே சொல்லியிருந்தா இந்தப் பெயிண்ட வாங்கியிருப்பேனா?"

இத்தனை வருடம் தப்பே செய்யாதவள் என்ற பெயரைத்தான் மூன்று நாளும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

தம்பி மனைவி டப்பாக்களின் மேல் உட்கார்ந்தாள். பணம் அவளுடையது, பேச வேண்டியவளும் அவள்தான்.

"விட்டா என்ன போகும்?"

"பதினெட்டாயிரம். ரெண்டு வருஷம் அங்க வேலையும் இல்ல."

"செஞ்சா?"

"கையில ஒண்ணும் நிக்காது. ஆனா பணம் போகாது. அஞ்சு சதவீதம் பாதுகாப்பு வைப்பு கட்டணும், முப்பத்து மூவாயிரத்து அறுநூறு. அதுல இந்தப் பதினெட்டாயிரத்தக் கழிச்சுப்பாங்க. மீதி பதினஞ்சாயிரத்து அறுநூறு நாம கட்டணும். வேலை முடிஞ்சு ஒரு வருஷம் கட்டில் நல்லா இருந்தா மொத்தமும் திரும்பி வரும்."

"அப்போ செய்வோம். சக்கரத்த நான் பூட்டுறேன், ஒரு ஆள் கூலி மிச்சம். ஆனா அண்ணி, இனிமே வர்ற காகிதத்த ரெண்டு பேரா படிக்கணும். நீங்க படிங்க, நான் கேக்கறேன்."

தம்பி கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். ஒரு வாரம் அக்காவிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தான அன்று, வைப்புத்தொகையைப் பாதுகாப்பு வைப்பில் சேர்க்கும்படி கடிதம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கவுன்ட்டரில் லேத் அண்ணன் தன் டிராஃப்டைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்.

"எடுத்தே தீர்றதுன்னு முடிவா?"

"எடுத்தாச்சுண்ணே."

"சக்கரம் வாங்குற கடை என் மச்சானோடது. நான் அனுப்புனேன்னு சொல்லு. மொத்தமா எடுத்தா ஒண்ணுக்கு இருபது ரூபா கொறைப்பான்."

நானூற்று எண்பது சக்கரம். படி இறங்குவதற்குள் மனக்கணக்கு முடிந்துவிட்டது: ஒன்பதாயிரத்து அறுநூறு.

மூன்று மாதம் பட்டறையில் இரும்புத் தூளும் பெயிண்ட் வாசனையுமாகப் போயிற்று. தம்பி மனைவி நாளுக்கு ஆறு கட்டில் சக்கரம் பூட்டினாள். அக்கா துருவைச் சுரண்டினாள், உள்ளங்கை காய்த்துப்போனது. ஒரு மத்தியானம் தம்பி சுரண்டியை அவள் கையிலிருந்து வாங்கினான். "இப்படிப் பிடி அக்கா, மணிக்கட்டு வலிக்காது" என்று காட்டிக் கொடுத்தான். அன்றைக்கு அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

கடைசிக் கட்டில்களை வார்டில் இறக்கிய நாள், பொறியாளர் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, பிரேக்கை மிதித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். அவர் போனதும் ஒரு நர்ஸ், படுத்திருந்த பெரியவரைக் கட்டிலோடு ஜன்னல் பக்கம் தள்ளிப்போனாள். ஒரு விரலால் தள்ளினால் போதுமாயிருந்தது. பெரியவர் எழாமலே தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்தார்.

அக்கா வார்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். தம்பி கீழே வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.