மூன்றாம் நாளும் நானூற்றி ஒன்று

மூன்று நாளாக ஒரே பதில்: நானூற்றி ஒன்று. 'நீ யாரென்று தெரியவில்லை, வெளியே நில்' என்று சொல்வதற்கு சர்வர் வைத்திருக்கும் எண் அது. எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்கு வந்தவளுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே உறைக்கும்.

வேலை என்னவோ சின்னதுதான். ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் செய்யும் மென்பொருளில், ஒரு பரிசோதனைக் கூடத்தின் முடிவுகள் தானாக வந்து விழ வேண்டும். அவர்கள் சர்வரோடு எங்கள் மென்பொருள் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லும், கூடம் தந்த ஏபிஐ ஆவணம் அறுபத்திரண்டு பக்கம். அதைப் படித்து, மருத்துவமனை வாங்கித் தந்த சாவியை, அதாவது ஒரு பயனர் எண்ணையும் ரகசியச் சொல்லையும் காட்டி, ஒரே ஒரு கோரிக்கை உள்ளே போனால் போதும். பன்னிரண்டு மணிக்கு அதை மருத்துவமனைக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். என் ஒரு மாத சோதனைக்காலம் முடிவதும் அதே பன்னிரண்டு மணிக்குத்தான்.

"என்னக்கா, ஆச்சா?" என்றார் டீம் லீடர். என்னைவிட ஆறு வயது இளையவர். ஆனால் எல்லோருக்கும் புத்தி சொல்வதால் ஆபீசில் அவர் பெயர் சித்தப்பா.

"ஆயிட்டே இருக்கு சார்."

"டாக்குமென்ட்ட ஒழுங்கா படிச்சீங்களா?"

எனக்கு வந்ததே கோபம். பன்னிரண்டாம் பக்கம் எனக்கு மனப்பாடம். பயனர் எண், நடுவில் முக்காற்புள்ளி, பிறகு ரகசியச் சொல். மூன்றையும் ஒட்டி பேஸ்64 எழுத்தாக மாற்று. கோரிக்கையின் தலைப்பு வரியில் 'பேசிக்' என்ற சொல்லுக்குப் பின்னால் வை. அனுப்பினால் ஒரு மணி நேரம் செல்லும் டோக்கன் வரும். அதற்கப்புறம் எல்லாக் கோரிக்கைக்கும் அந்த டோக்கனைக் காட்டு. எல்லாம் செய்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம். முன்தினம் வேறு வழியில்லாமல், இணையத்தில் யாரும் படிக்கக்கூடிய கூடத்தின் பொது மன்றத்தில் நான் அனுப்பிய கட்டளையை அப்படியே ஒட்டி, எங்கே தப்பு என்று கேட்டிருந்தேன்.

பதினொன்று இருபதுக்கு முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டிருந்தார். 'உங்கள் பேஸ்64 தொடரைப் பிரித்துப் பார்த்தேன். ரகசியச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரிமுறிவு ஒட்டியிருக்கிறது. பேஸ்64 ஆக்க நீங்கள் பயன்படுத்திய எக்கோ கட்டளை சேர்த்திருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.'

அடப்பாவி! கண்ணுக்கே தெரியாத ஒரு எழுத்துக்கா மூன்று நாள்? எக்கோ சத்தமில்லாமல் கடைசியில் சேர்த்துவிடுமாம். சேர்க்காதபடி மாற்றி அனுப்பினேன். பதினொன்று இருபத்தொன்பதுக்கு டோக்கன் வந்தது. அதைக் காட்டி அன்றைய முடிவுகளைக் கேட்டேன். இருநூறு! உள்ளே விட்டுவிட்டார்கள். மேசையடியில் காலை உதைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது, துடைத்துக்கொண்டேன்.

திரையில் ஒரு பெண்ணின் பெயர், வயது நாற்பத்தொன்று. கருப்பை வாய்ப் பரிசோதனை, 'மீண்டும் பார்க்க வேண்டும்' என்று ஒரு குறிப்பு. அவளுக்கே இன்னும் தெரிந்திருக்காது.

அப்போதுதான் உறைத்தது. பிரித்துப் பார்த்தேன் என்றாரே அந்த மனிதர். அப்படியென்றால் ரகசியச் சொல்லைப் படித்திருக்கிறார். அவர் மட்டுமா? பார்க்க கன்னாபின்னாவென்று இருந்ததால் யாருக்கும் புரியாது என்று நினைத்து ஒட்டிவிட்டேன். நான் தாண்டிப் போன மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பினேன். 'பேஸ்64 வெறும் எழுத்து மாற்றம், பூட்டு அல்ல. சாவி வெளியே போயிருந்தால் உடனே ரத்து செய்யவும். அதன் டோக்கன்களும் செல்லாமல் போகும். புதிய சாவிக்கு மருத்துவமனையின் ஒப்புதல் தேவை.'

பதிவை அழித்தேன். அது போதாது என்று தெரியும். பன்னிரண்டு மணி வரை பொறுத்துக் காட்டிவிட்டு அப்புறம் ரத்து செய்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நாற்பத்தொன்று என் வயதும்தான். பதினொன்று நாற்பதுக்கு 'ரத்து செய்' பொத்தானை அழுத்திவிட்டு சித்தப்பாவிடம் போனேன்.

முழுவதும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "இருபது நிமிஷம் பொறுத்திருக்கலாமேக்கா."

"இருபது நிமிஷத்துல யார் என்ன பார்ப்பாங்களோ, எனக்குத் தெரியாது சார்."

"புதுச் சாவி வர ரெண்டு நாள் ஆகும். ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"நான் பண்ணதைச் சொல்லுங்க."

சித்தப்பா போனை எடுத்தார். மருத்துவமனையைக் கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். போனை வைத்துவிட்டு, "இப்ப உங்கள பெர்மனென்ட் பண்ண முடியாதுக்கா. இன்னொரு மாசம் ட்ரையல்ல இருங்க," என்றார்.

படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"என்னாச்சு? அந்த மூணு நாள் விஷயம் வேலை செஞ்சுச்சா?"

"செஞ்சுச்சு," என்றேன். "பதினோரு நிமிஷம்."