கணக்கில் சேராத பத்தில் ஒன்று

தீபிகா அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டாளா, என் கணவர் ஆசிரிடம் கேட்டாளா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆசிர் தன்னிடம்தான் கேட்டாள் என்கிறார். எனக்கு நினைவிருப்பது, நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பதில் சொன்னதும், அதோடு என் ராஜினாமா கைநழுவிப் போனது போலத் தோன்றியதும்தான்.

நான் பெங்களூர் மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு சேலத்துக்கு மேலே மலையில், நாகலூரில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாளெல்லாம் காதில் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். நாற்பத்து மூன்று வயதில் அதை நிறுத்திவிட வேண்டும், அதன் பிறகு ஒருவரும் என்னை அழைக்காத ஒரு காலைநேரத்தில் புத்தகத்தோடு உட்கார வேண்டும் என்பது பல வருட ஆசை. ஆசிருக்கு இரண்டு ஏக்கர் காப்பியும் மிளகும் உண்டு. அதில் வருவது அதற்கே சரியாகப் போய்விடும். ஆகவே வீட்டை ஓட்டியது என் சம்பளம்.

வழி எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. வருடச் செலவின் முப்பது மடங்கு முதலீட்டில் சேர்ந்துவிட்டால், முதல் வருடம் அதில் மூன்றேகால் சதவீதம் போல எடுத்துக்கொண்டு, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனாலும் பணம் தாக்குப்பிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. எவ்வளவு சம்பாதிக்கிறோம் என்பதைவிட, அதில் எத்தனை சதவீதத்தை மிச்சப்படுத்துகிறோம் என்பதே எத்தனை வருடம் உழைக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. செலவைக் குறைத்தால் மிச்சமும் கூடும், சேர்க்க வேண்டிய இலக்கும் இறங்கும். நாங்கள் அறுபது சதவீதம் சேமிக்கிறோம் என்று நான் நம்பியிருந்தேன். மாதச் செலவு ஐம்பத்து நான்காயிரம். முப்பது மடங்கு என்றால் ஒரு கோடியே தொண்ணூற்று நான்கு லட்சம். அதைத் தொட்டுவிட்டோம். மகள் ஜெஸ்லினின் கல்லூரிப் பணம் தனியாக இருந்தது.

கடைசியாக ஒருவர் சரிபார்த்துவிடட்டும் என்றுதான் சேலத்துக்கு இறங்கினோம். தீபிகா எங்கள் மலையிலேயே தலைச்சோலை ஊர்க்காரி. எனக்கு மூன்று வகுப்பு கீழே படித்தவள். இப்போது கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு, எதையும் விற்காமல் ஆலோசனை சொல்கிற நிதி ஆலோசகர்.

வங்கிக் கணக்கை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏனுங்க்கா, மாசாமாசம் பதினஞ்சாயிரம் வெளிய போவுதே, இது உங்க செலவுல வரலீங்களே?"

"அது தசமபாகம். சபைக்குங்க," என்றார் ஆசிர்.

"அப்ப செலவுதானுங்களே?"

"செலவில்லீங்க," என்றேன் நான்.

"சேமிப்புங்களா?"

"அதுவும் இல்ல."

"அப்புறம்?"

சம்பளம் வந்ததும் பத்தில் ஒன்றை ஆசிர் காணிக்கை உறையில் போட்டுவிடுவார். மீதிதான் எங்களுடையது. என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். அது நம்முடைய பணமே அல்ல என்று சொல்லி வளர்த்ததால், வரவிலும் நான் அதைச் சேர்க்கவில்லை, செலவிலும் சேர்க்கவில்லை.

"சாமி பணமா இருந்தாலும் உங்க கணக்குல இருந்துதானுங்க்கா போவுது," என்றாள் தீபிகா. "ஒன்றரை லட்சம் சம்பளத்துல எம்பத்தோராயிரம் மிச்சம். அம்பத்து நாலு சதவீதம். அறுபது இல்லீங்க. அது பரவால்ல. வேலைய விட்ட பொறவும் குடுப்பீங்களா, அதச் சொல்லுங்க."

"குடுப்போம்," என்றார் ஆசிர்.

"குடுக்கணுமா?" என்றேன் நான், அதே சமயத்தில்.

தீபிகா பேனாவைக் கீழே வைத்தாள். "இத நீங்க ஊட்டுல போய் பேசிட்டு வாங்க. எடுக்கற பணத்துல பத்துல ஒண்ணுன்னா மாசம் அறுவதாயிரம் எடுக்கணும். ரெண்டு கோடியே பதினாறு லட்சம் வேணும். மார்க்கெட் கை குடுத்தா ஒன்றரை வருசம், குடுக்கலைன்னா ரெண்டு வருசத்துக்கு மேல."

மலை ஏறும்போது, வளைவுகள் முடிந்து குளிர் தெரிய ஆரம்பித்ததும் காரில் சொன்னேன்.

"ஏனுங்க, அந்தப் பணம் பூரா ஏற்கனவே தசமபாகம் குடுத்த சம்பளத்துல சேர்த்தது. ஒரே பணத்துக்கு ரெண்டு தடவை குடுப்பாங்களா?"

"போட்டதுக்குக் குடுத்த, சரி. வளந்தது எவ்வளவு?"

"பாதிக்குப் பாதி."

"வளந்ததுக்குக் குடுத்தியா?"

"இல்ல."

"நாத்துக்குக் குடுத்தாச்சு, காய்க்கு வேண்டாம்ங்கிற."

"அப்ப வளந்த பாதிக்கு மட்டும் குடுக்கலாம்."

"நல்லா வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ," என்றார். "நம்ம சபைப் போதகர் ஐயரக் கேட்டுப் பாக்கலாமா?"

"அவரு வேண்டாம்னா சொல்லப் போறாரு?"

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் மனது லேசாகவில்லை. பணத்தைவிட இன்னொன்று உறுத்தியது. எனக்கு வேண்டியிருந்தது அமைதி. கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அந்த அமைதியில் உட்கார்ந்தால், புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த உறை தெரியும். அதே நேரம், இன்னும் இரண்டு வருடம் அந்தக் குரல்களைக் கேட்பதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சில நாட்கள் வீட்டில் கணக்கு நோட்டோடே உட்கார்ந்திருந்தேன். ஆசிருக்கு அது பழக்கம்தான். காப்பியை வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்படி இருக்கும்போதுதான் அந்த ஐம்பத்து நான்காயிரத்தை வேறு விதமாகப் பார்க்கத் தோன்றியது. அதில் எது எங்கள் வாழ்க்கைக்கான செலவு, எது வேலைக்கான செலவு? மாதம் ஒருமுறை பெங்களூர் அலுவலகம் போய்வரும் பெட்ரோலும் விடுதி அறையும், மின்சாரம் போனாலும் அழைப்பு அறுந்துவிடாமல் இருக்க வைத்திருக்கும் இரண்டாவது இணைய இணைப்பும் சேர்ந்து ஆறாயிரம். வேலை போனால் இதுவும் போகும்.

மறுபடி சேலம் போனோம். தீபிகா கேட்டுவிட்டுத் தலையசைத்தாள்.

"சரிதானுங்க்கா. ஆனா கம்பெனி குடுக்கற மருத்துவக் காப்பீடும் வேலையோட போயிரும். ராஜினாமாவுக்கு முன்னாலயே சொந்தமா ஒண்ணு எடுத்துருங்க. மாசம் ரெண்டாயிரத்து ஐநூறுன்னு வெச்சுக்கோங்க. அப்ப செலவு அம்பதாயிரத்து ஐநூறு. தசமபாகத்தோட அம்பத்தாறாயிரம் சொச்சம். ரெண்டு கோடியே ரெண்டு லட்சம் போல வேணும்."

"எட்டு லட்சம் குறையுது," என்றேன்.

"இப்ப சேமிக்கற வேகத்துல பத்து மாசம்," என்றாள் தீபிகா.

"தசமபாகம் இல்லைன்னா இந்த மாசமேங்க்கா," என்றாள் பிறகு, மெதுவாக. "சொல்ல வேண்டியது என் கடமை. அப்பத்தான் நீங்க தெரிஞ்சே முடிவு எடுக்கறீங்கன்னு ஆவும்."

ஆசிர் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சம்பாதித்தது நான் என்பதால் சொல்ல வேண்டியதும் நான்தான் என்று விட்டுவிட்டார்.

"பத்து மாசம் இருக்கேன்," என்றேன். "உறை எப்பவும் போல சபைக்குப் போகட்டும்."

சொன்னபோது வருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. முதல் தடவையாக, உறையும் சேர்ந்த அந்தக் கணக்கு என் வீட்டைப் போலவே இருந்தது.

சந்தை சற்றுக் கை கொடுத்ததால் ஒன்பதாவது மாதமே நான் வேலையை விட்டேன். பணம் இதுவரை திட்டப்படியே இருக்கிறது. தீபிகா வருடம் ஒருமுறை பார்த்துச் சொல்கிறாள். உறையில் தொகை பதினைந்தாயிரத்திலிருந்து ஐயாயிரத்து அறுநூறாகக் குறைந்ததைக் கண்ட சபைப் பொருளாளர் பாக்கியநாதன், எனக்கு வேலை போய்விட்டதோ என்று ஒரு சிப்பம் அரிசியோடு வந்தார். ஆசிர் அவரை உட்காரவைத்து விளக்கினார், அவருக்குப் புரியவில்லை. ஜெஸ்லின் கோவையில் படிக்கிறாள். ஆசிர் காப்பித் தோட்டத்தில் இருக்கிறார். நான் காலையில் படிக்கிறேன்.